காலில் சிவப்பும் காய்ச்சலும்: கரப்பானா, இரத்தக்கட்டியா, கிருமித்தொற்றா?

"அப்பாவுக்கு 58 வயது, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறார், சீனி வருத்தமும் இருக்கு. நேற்றுப் பின்னேரம் நடுக்கத்தோடு காய்ச்சல். இன்று காலை இடது கணுக்காலுக்கு மேலே சிவந்து சுடுது, தொட்டால் நோகுது. மாமி கரப்பான் என்கிறா, பக்கத்து வீட்டு அண்ணை இரத்தக்கட்டி என்கிறார். எது சரி?"

முதலில் இன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சீனி உள்ளவருக்கு இதை நாளை வரை வைத்துப் பார்க்கக் கூடாது. நான் வன்னியில் மருத்துவ வார்டில் வேலை செய்யும் டொக்டர். நீங்கள் சொல்வது பெரும்பாலும் செலுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும் கிருமி பரவியிருப்பது.

அப்படி நினைக்க வைப்பது காய்ச்சல் முந்தியும் சிவப்பு பிந்தியும் வந்ததுதான். பலர் எலிக்காய்ச்சலோ டெங்கோ என்று பயந்து வருவார்கள், சாரத்தைத் தூக்கிக் காலைப் பார்த்தால் காரணம் அங்கே இருக்கும். அப்பாவின் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், முக்கியமாகச் சின்னவிரல் பக்கம். காலபோகச் சேற்றில் நின்றவர்களுக்கு அங்கே தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். கிருமி நுழைவது பெரும்பாலும் அந்த வெடிப்பால்தான். இடது கவட்டில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கரப்பான் என்றால் நோவை விட அரிப்புத்தான் கூட. செதில் உதிரும், கிழமைக்கணக்கில் கிடக்கும், பல நேரம் இரண்டு காலிலும் இருக்கும், நடுக்கம் தராது.

அண்ணையின் பயத்தைத் தட்டிவிட மாட்டேன். இரத்தக்கட்டி என்றால் காலின் உள் நாளத்தில் இரத்தம் உறைவது. அதில் கெண்டைக்கால் முழுதும் வீங்கி இறுகும், நோ ஆழத்தில் இருக்கும், நடுக்கக் காய்ச்சல் அரிது. அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் என்றால் கூடுதலாக யோசிப்போம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் இறக்கி இரு கால்களையும் நாடாவால் அளப்போம். வித்தியாசம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நாளத்தில் இரத்தம் ஓடுவதைப் பார்க்க எனக்கு டொப்ளர் ஸ்கேன் வேண்டும். டி-டைமர் இரத்தப் பரிசோதனை இங்கே பெரிதாக உதவாது, கிருமித்தொற்றிலும் அது கூடும். எதுவென்று தெரியும்வரை எண்ணெய் பூசி உருவ வேண்டாம்.

போகுமுன் சிவப்பின் ஓரத்தைப் பேனையால் வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கிளொக்சசிலின் போன்ற மருந்து தொடங்கிய பிறகும் முதல் ஓரிரு நாள் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். காய்ச்சலும் நோவும் குறைந்தால் மருந்து பிடிக்கிறது. காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். விரலிடுக்குப் பங்கசுக்கும் களிம்பு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் இதே காலோடு வருவார்.

தோல் கருநீலமானால், கொப்புளம் வந்தால், பார்வைக்குத் தெரிவதை விட நோ பயங்கரமாக இருந்தால், புத்தி தடுமாறினால், மூச்சு வாங்கினால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துப் போங்கள், பெனிசிலின் ஒத்துவராது என்றால் உள்ளே போனவுடனேயே சொல்லுங்கள்.