வீடு நிறைய ஆள் இருந்தும் அழுகை நிற்கவில்லை

"டாக்டர், குழந்தை பிறந்து 24 நாள் ஆகிறது. என் மனைவி தினமும் அழுகிறாள். வீட்டில் அம்மா, அண்ணி என்று ஏழு பேர் இருக்கிறோம். 'பச்சை உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும்' என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?"

வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உங்கள் அம்மா சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வரும். 'பேபி ப்ளூஸ்' என்கிற இது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வந்து, 14 நாளுக்குள் தானாகவே போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். ராத்திரி உங்கள் அம்மா தூளியை ஆட்டுகிறார், குழந்தை தூங்கிவிட்டது, அப்போதும் உங்கள் மனைவி விட்டத்தைப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறாரா? வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராதது வெறும் களைப்பு இல்லை.

ஏழு பேர் இருப்பதும் ஏழு பேர் உதவுவதும் வேறு வேறு. 2002-ல் வெளியான, தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களைப் பற்றிய ஓர் ஆய்வில், மாமியாரோடு சரியில்லாத உறவு, கைவேலைக்கு ஆளில்லாதது, ஆண் குழந்தை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது எல்லாம் இந்த நோயோடு சேர்ந்தே வந்தன. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் வீட்டில் எட்டுப் பேர். வந்தவரெல்லாம் "பால் பத்தலை போல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அழுக்குத் துணியை மட்டும் அவளே அலசினாள். பால் பற்றி யாரும் பேசக்கூடாது என்று முதலில் நிறுத்தினோம். அப்புறம் இரவு 9 முதல் 2 மணிவரை குழந்தை மாமியாரிடம், நடுவில் பசித்தால் பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுப்பது, துணி மாற்றுவது கணவர் என்று பிரித்தோம். மாமியார் மனசார ஒத்துக்கொண்டார், ஏனென்றால் 'தைரியம் சொல்லுங்கள்' என்று சொல்லாமல் இன்ன வேலை என்று சொன்னோம். கூடவே மாத்திரையும் கொடுத்தோம், தூக்கம் மட்டும் போதவில்லை.

பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டும் ரத்தச்சோகையும் இதேபோல ஆட்டிவைக்கும், அந்த ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ, சாக வேண்டும் என்றாலோ அன்றைக்கே மருத்துவமனை, அதுவரை இருவரையும் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம்.

டாக்டர் அறைக்குள் நீங்கள் கூடப் போங்கள், ஆனால் ஒரு பத்து நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு, வீட்டு ஆள் பக்கத்தில் இருக்கும்போது பலர் 'இல்லை' என்றுதான் சொல்கிறார்கள்.