ஒரே முட்டை, இரண்டு புழு (கடிதம்)

அன்புள்ள டாக்டர்,

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறேன். கொக்கிப்புழுவின் இரண்டு வகைகளில், நெகேட்டரைவிட ஆன்கைலோஸ்டோமா ஐந்து மடங்கு இரத்தம் குடிக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் நான் பயிற்சி பெறும் ஆய்வகத்தில் 'கொக்கிப்புழு முட்டை காணப்பட்டது' என்று மட்டுமே அறிக்கை எழுதுகிறார்கள். எந்தப் புழு என்று சொல்லாத அறிக்கையால் என்ன பயன்? முட்டையை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

ம.,
திண்டுக்கல்

அன்புள்ள ம.,

முடியாது. உங்கள் ஆய்வகம் எழுதுவதுதான் நேர்மையான அறிக்கை. இரண்டு முட்டைகளும் நீள்வட்டம், நிறமற்றவை, மெல்லிய ஓடு கொண்டவை. உள்ளே நான்கு முதல் எட்டு செல்கள். அவற்றுக்கும் ஓட்டுக்கும் நடுவே கண்ணாடி போல ஒரு வெற்றிடம். நீளம் சுமார் 60 மைக்ரான், அகலம் 40. நெகேட்டரின் முட்டை சராசரியில் சற்றுப் பெரியது என்பது உண்மையே. ஆனால் இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், கையில் இருக்கும் ஒரு முட்டையை வைத்து எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வேறுபாடு வாயில் இருக்கிறது. அதைப் பார்க்க வளர்ந்த புழு வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்தபின் வெளியேறும் மலத்தைச் சல்லடையில் அலசினால் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நூல் துண்டுகளாகக் கிடைக்கும். கைலென்ஸிலேயே முதல் துப்புக் கிடைத்துவிடும்: நெகேட்டரின் தலை, உடல் வளைவுக்கு எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று மடிந்திருக்கும், ஆன்கைலோஸ்டோமாவின் தலை உடல் வளையும் பக்கமே வளையும். பிறகு நுண்ணோக்கியில் வாய்க்குழியைப் பாருங்கள். ஆன்கைலோஸ்டோமா டியோடெனேலுக்கு அங்கே இரண்டு ஜோடிக் கூரிய பற்கள் உண்டு. நெகேட்டர் அமெரிக்கானஸுக்குப் பற்களுக்குப் பதிலாகப் பிறை வடிவில் ஒரு ஜோடி வெட்டுத் தகடுகள்.

பற்கள் இருப்பதால்தான் ஆன்கைலோஸ்டோமா அதிக இரத்தம் இழக்கச் செய்கிறது என்று தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள். அது பெரிய புழு, வாய்க்குழியும் பெரியது. இரண்டுமே குடலின் உள்தோலைக் கவ்வி, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் சுரக்கின்றன. குடித்த இரத்தம் போக, கடிவாயிலிருந்து கசிவதும் இழப்புதான். புழு இடம் மாறிக் கடித்தால் பழைய காயத்திலும் கசிவு சிறிது நேரம் தொடரும்.

இனி நீங்கள் கவலைப்படும் கணக்குக்கு வருவோம். ஒரு நெகேட்டர் நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது, ஆன்கைலோஸ்டோமா 0.15 அல்லது அதற்குச் சற்று மேல். நீங்கள் சொன்ன ஐந்து மடங்கு சரிதான். ஆனால் அது ஒரு புழுவுக்கான கணக்கு. நீங்கள் எண்ணுவதோ முட்டையை. ஆன்கைலோஸ்டோமா அதிக முட்டையும் இடுகிறது.

கேட்டோ–கட்ஸ் முறையில் ஒரு ஸ்லைடில் 100 முட்டை எண்ணினீர்கள் என்று வையுங்கள். ஸ்லைடில் இருப்பது ஒரு கிராம் மலத்தில் 24-இல் ஒரு பங்கு என்பதால், 24-ஆல் பெருக்கினால் கிராமுக்கு 2,400. நோயாளி நாளைக்கு 200 கிராம் மலம் கழித்தால் மொத்தம் 4,80,000 முட்டை. நெகேட்டரின் பெண்புழு நாளைக்குச் சுமார் 8,000 இடும் என்று கொண்டால் 60 பெண்புழு, ஆணையும் சேர்த்து 120. இரத்த இழப்பு 3.6 மில்லிலிட்டர். ஆன்கைலோஸ்டோமாவுக்கு 20,000 என்று கொண்டால் 24 பெண், மொத்தம் 48 புழு, இழப்பு 7.2. ஒரே எண்ணிக்கை முட்டைக்கு வேறுபாடு ஐந்து மடங்கிலிருந்து இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது! மலத்தின் நீர்ப்பதமும் புழுக்களின் நெரிசலும் இந்த எண்களை மாற்றும், ஆகவே இதைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் 10 உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 0.34 மில்லிகிராம் இரும்பு. நெகேட்டர் என்றால் நாளைக்கு 1.2 மில்லிகிராம் குடலுக்குள் போகிறது, ஆன்கைலோஸ்டோமா என்றால் 2.4. இதில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு அன்றாடத் தேவையே 2 மில்லிகிராமை ஒட்டி இருப்பதால், எந்தப் புழுவாக இருந்தாலும் இந்த அளவுத் தொற்று அவரைச் சோகையில் தள்ளப் போதும். மருந்தும் இரண்டுக்கும் ஒன்றே, அல்பெண்டசோல். ஆகவே பெயரைவிட எண்ணிக்கைதான் மருத்துவருக்கு உதவும். அதையும் அறிக்கையில் சேர்க்க முடியுமா என்று உங்கள் ஆய்வகத்தில் கேளுங்கள்.

எண்ணும்போது நேரத்தைக் கவனியுங்கள். கேட்டோ ஸ்லைடில் உள்ள கிளிசரின் கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓட்டை மறைத்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் நூறு முட்டை இருந்த ஸ்லைடும் காலியாகத் தெரியும். மாதிரியை வெயில் காலத்தில் மறுநாள்வரை வைத்துவிட்டால் எதிர்ச் சிக்கல்: முட்டைக்குள் குஞ்சுப்புழு உருவாகி வெளியே வந்துவிடும், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற வேறொரு குடற்புழுவின் குஞ்சு என்று தவறாக எழுத நேரும். வாயைப் பாருங்கள். கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வாய்க்குழி நீளம், ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்குக் குட்டை.