கத்தரிக்காய் வட்டம் ஏன் தோல் மாதிரி ஆகிறது?

"ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 15 நிமிடம். மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் தெளித்தேன். வெளியே தோல் மாதிரி, உள்ளே சவசவ. கீழக்கரையில் இருக்கிறேன்."

சூட்டை விட எண்ணெய் விட்ட விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. மேலே தெளித்தால் எண்ணெய் பட்ட இடம் குடித்துக்கொள்ளும், படாத இடம் வறண்டு தோலாகிவிடும்.

கால் கிலோ காயை ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி 15 நிமிடம் வையுங்கள். முத்து முத்தாக நீர் கோக்கும். அதைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் மஞ்சளையும் நம்மூர் முண்டு மிளகாய்த்தூளையும் குழைத்து, இரண்டு பக்கமும் கையால் தடவுங்கள். தூள் எண்ணெயோடு ஒட்டியிருந்தால் சீக்கிரம் கருகாது. உப்பு மறுபடி வேண்டாம்.

180 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். கூடையைக் குலுக்குவது உருளைக்கிழங்குக்குச் சரி, இது ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். 7 நிமிடத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பி, இன்னும் 5 நிமிடம். நடுவில் குத்தினால் கத்தி வெண்ணெயில் போவது போல இறங்க வேண்டும். இறங்கிய பிறகு 200-ல் இரண்டு நிமிடம் வைத்தால் ஓரம் சிவக்கும்.

எடுத்ததும் மூடி வைக்காதீர்கள். கடல் காற்றில் பத்து நிமிடத்திலேயே நமத்துவிடும், சோறு பரிமாறும்போது போடுங்கள்.