கரண்ட் போன நேரத்தில் ஒரு யூனிட் என்ன விலை? கேள்வி பதில்

எங்கள் அபார்ட்மெண்டில் 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் செட். மணிக்கு மூணு லிட்டர் குடிக்கிறது. 25 யூனிட் கிடைத்தால் யூனிட் 11 ரூபாய்தானே சார்?

மூணு லிட்டர் சரிதான். 25 யூனிட் என்பதுதான் இடிக்கிறது. அந்த செட் அதிகபட்சம் 20 கிலோவாட் தாங்கும். லிஃப்ட்டும் பொது விளக்குகளும் அவ்வளவு இழுக்காது.

இதே அளவு செட் ஒன்றில் நான் அளந்ததைச் சொல்கிறேன். கரண்ட் போனதும் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, பேனல் மீட்டரைக் குறித்துக்கொண்டேன்: 4812. இரண்டு மணி நேரம் கழித்து 4824. மறுபடி கழுத்துவரை நிரப்ப 6 லிட்டர் பிடித்தது. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 552, மணிக்கு 276. கிடைத்ததோ 12 யூனிட். யூனிட் 46 ரூபாய்!

லோடே இல்லாமல் சும்மா ஓடினாலும் இன்ஜின் டீசல் குடிக்கும். அந்தச் செலவு முழுக்க இந்தக் கொஞ்ச யூனிட் தலையில்தான் விழுகிறது.

அப்போ கரண்ட் இல்லாதபோதே போர் மோட்டாரையும் போட்டுவிட்டால் யூனிட் விலை இறங்குமே?

இறங்கும். ஆனால் பில் ஏறும். 4.5 கிலோவாட் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1.1 லிட்டர் கூடுதலாகப் போகும். மணிச் செலவு 276-லிருந்து 377 ஆகும், யூனிட் 36-க்கு வரும். கூடுதலாகக் கொடுத்த 101 ரூபாய்க்குக் கிடைத்தது 4.5 யூனிட், அதாவது யூனிட் 22 ரூபாய்க்கு மேல். ஈபியில் அதே யூனிட் பத்து ரூபாய்க்குள் முடியும். மேல் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டாருக்குப் பொறுத்திருங்கள்.

என்னுடையது பெட்டிக்கடை. 2 கேவிஏ பெட்ரோல் செட்தான். சின்னது, அதனால் செலவு கம்மிதானே அண்ணே?

மணிச் செலவு கம்மிதான், தம்பி. ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்ந்து அரை கிலோவாட் இழுக்கும் என்று வைப்போம். மணிக்கு 0.6 லிட்டர் போனால், பெட்ரோல் 101 ரூபாய் கணக்கில் அறுபது ரூபாய். கிடைப்பது அரை யூனிட், ஆக யூனிட் 120 ரூபாய். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் குளிர் ஒரு மணி நேரம் தாங்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரு சின்ன இன்வெர்ட்டர் போதும்.

எங்கள் செட்டில் புகைக்குழாய் வாயில் கறுப்பாக எண்ணெய் கசிகிறது. டீசல் கலப்படமா?

கலப்படம் என்று எடுத்ததும் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் குறைந்த லோடிலேயே ஓடினால், டீசல் முழுசாக எரியாமல் இப்படித்தான் ஒழுகும். நல்ல லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கசிவு நிற்காவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போ 25-ஐ விற்றுவிட்டு 15 கேவிஏ வாங்கிவிடலாமா? (முதலில் கேட்டவர்)

யூனிட் விலை இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் லிஃப்ட் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இழுக்கும் கரண்ட்டைச் சின்ன செட் தாங்குமா என்பதை கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். அளந்து எண்ணை அனுப்புங்கள், பார்ப்போம்.