தோடிக்கு வேண்டாம், பஜனைக்கு இருக்கட்டும்

கேள்வி: ஐயா, நாங்கள் தக்கலைப் பக்கம். கோயில் திருவிழாவில் என் மகள் ஒரு மணி நேரம் கச்சேரி பாடுகிறாள். ஐந்தரைக் கட்டை. கல்யாணி, தோடி, ஹிந்தோளம், கடைசியில் பஜனைப் பாட்டு. வயலினும் மிருதங்கமும் உண்டு. பஜனைக்கு வாசிக்கிற அவளுடைய மாமா, ஹார்மோனியத்தோடு கடைசிவரை கூடவே இருக்கிறேன் என்கிறார். தம்புரா மட்டும் போதுமா?

பதில்: ராகப் பாட்டுகளுக்குத் தம்புரா போதும். மாமா பஜனைக்கு வாசிக்கட்டும்.

தம்புரா பாட்டைப் பின்தொடர்வதில்லை. பஞ்சமம், இரண்டு ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகளும் ஒரே வட்டமாக ஒலித்துக்கொண்டிருக்கும். குழந்தை எந்த ஸ்வரத்தில் நின்றாலும் அதை அளந்துகொள்ள ஆதாரம் அதுதான். ஹார்மோனியமோ பாட்டோடு சேர்ந்து ஸ்வரங்களை வாசிக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசையும். கட்டையை அழுத்தினால் ஹார்மோனியத்தில் கிடைப்பது அசையாத ஒரு ஒலி. குழந்தை கமகத்தோடு பாட, பக்கத்தில் அது தட்டையாக நிற்கும். வளரும் குரல் மெல்ல அந்தத் தட்டை ஸ்வரத்துக்கே இழுபடும். வயலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, விரல் தந்தியில் வழுக்கும்.

கல்யாணியில் வேறொரு சங்கடம். தம்புரா நன்றாகச் சேர்ந்திருந்தால் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும். இதை ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். ஐந்தரைக் கட்டையில் அது சுமார் 519 ஹெர்ட்ஸ். ஹார்மோனியத்தின் அதே காந்தாரம், பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பிரித்து வைத்த அமைப்பால், 523 ஹெர்ட்ஸில் இருக்கும். இரண்டும் நீண்டு ஒலித்தால் நொடிக்கு நான்கு முறை ஒலி அலைவது காதுக்கே தெரியும். ஒத்திகையில் கேட்டுப் பாருங்கள். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் மாமா மேடையில் இருந்தே தீருவேன் என்றால், ராகப் பாட்டுகளில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மெலிதாகப் பிடிக்கட்டும்.

ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. அதற்கு முன் தம்புராவின் பஞ்சமத் தந்தியைச் சுத்த மத்தியமத்துக்கு இறக்குங்கள். மாமாவும் பஞ்சமத்தை விட்டுவிட வேண்டும். பாட்டு முடிந்ததும் தந்தியைத் திரும்ப ஏற்ற மறக்க வேண்டாம்.

பஜனையில் ஹார்மோனியம் நன்றாகவே பொருந்தும். மெட்டு நேரானது, கூட்டமும் சேர்ந்து பாடும், அந்தக் குரல்களையெல்லாம் கட்டிப்பிடிக்க உரத்த ஒலி வேண்டும். நம் மாவட்டத்துப் பஜனைகளிலும் தேவாலயக் கீர்த்தனைகளிலும் அது நிலைத்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் கவனம். பழைய ஹார்மோனியத்தின் ரீடுகள் சுருதி சற்று விலகியிருக்கலாம், மேடையில் அதைத் திருத்த முடியாது. ஆகவே முதலில் அதன் ஷட்ஜத்தைக் கேட்டு, அதற்குத் தம்புராவைச் சேருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவா நூலை மெல்ல நகர்த்தினால் ஒரு இடத்தில் ஒலி விரிந்து ரீங்கரிக்கும். நூல் அங்கே நிற்கட்டும். பிறகு வயலின், மிருதங்கம். கடல் காற்றின் ஈரத்தில் தம்புராவின் மரம் சற்றே அசையும், தந்தியின் சுருதி மாறும். திரை விலகுவதற்கு முன் நான்கு தந்திகளையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.