டைமண்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாமா? பி.சி.ஜி. ஆய்வுகளை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: சமூக மருத்துவத் துறையில் முதுநிலை மாணவி நான். அடுத்த வாரம் ஜர்னல் கிளப்பில், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகளின் மெட்டா-அனாலிசிஸை விளக்க வேண்டும். டைமண்ட் 0.49-இல் இருக்கிறது, ஆனால் I² 92 சதவீதம். "இவ்வளவு ஹெட்டரோஜெனிட்டி இருக்கும்போது இந்த டைமண்டுக்கு என்ன பொருள்?" என்று பேராசிரியர் கட்டாயம் கேட்பார். ஃபாரஸ்ட் பிளாட்டை எங்கிருந்து தொடங்கி எப்படி விளக்குவது?

பதில்: முதல் ஸ்லைடில் I²-ஐக் காட்டாதீர்கள். டைமண்டையும் கொஞ்ச நேரம் மறைத்து வையுங்கள். 13 வரிகளில் இரண்டை மட்டும் எடுத்துப் பெரிதாகக் காட்டினால், பேராசிரியரின் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் வரி, 1977-இல் ஹார்ட்டும் சதர்லேண்டும் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு. அதில் தடுப்பூசி பெற்ற 13,598 பேரில் 62 பேருக்கும், பெறாத 12,867 பேரில் 248 பேருக்கும் காசநோய் வந்தது. ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால் ஒரு பக்கம் 4.6, மறுபக்கம் 19.3. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ரிஸ்க் ரேஷியோ 0.24, அதன் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் 0.18 முதல் 0.31 வரை. இரண்டாவது வரி நம் ஊர் ஆய்வு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, 1980-இல் முடிவுகள் வெளியான இந்த ஆய்வு ஃபாரஸ்ட் பிளாட்டில் 'மெட்ராஸ்' என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் 88,391 பேர். தடுப்பூசி பெற்றவர்களில் 505 பேருக்கும் பெறாதவர்களில் 499 பேருக்கும் நோய் வந்தது. ரிஸ்க் ரேஷியோ 1.01, இன்டர்வல் 0.89 முதல் 1.14 வரை. ஒவ்வொரு வரியிலும் உள்ள சதுரம் அந்த ஆய்வின் ரிஸ்க் ரேஷியோ, அதன் இருபுறமும் நீளும் கோடு இன்டர்வல், நடுவில் செங்குத்தாக ஓடும் கோடு 1, அதாவது 'பலன் இல்லை' என்னும் இடம் என்பதை இந்த இரண்டு வரிகளை வைத்தே சொல்லிவிடலாம். அச்சு லாக் அளவில் இருப்பதால் 0.5-உம் 2-உம் ஒன்றிலிருந்து சம தூரத்தில் இருக்கும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். கேட்பவர்களில் ஒருவராவது அதில் குழம்புவார்.

இப்போது அந்த இரண்டு கோடுகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பிரிட்டன் கோடு 0.31-இல் முடிகிறது, மெட்ராஸ் கோடு 0.89-இல்தான் தொடங்குகிறது, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. உண்மையில் பலன் ஒன்றாகவே இருந்து, தற்செயலால் மட்டுமே இவ்வளவு விலகல் வந்திருக்கும் என்று நம்ப முடியாது. அடுத்து மூன்றாவதாக, வெறும் 262 பேரைக் கொண்ட 1948-ஆம் ஆண்டு அரோன்சன் ஆய்வைக் காட்டுங்கள். அதன் ரிஸ்க் ரேஷியோ 0.41; மெட்ராஸ் சதுரத்திலிருந்து அதுவும் தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் அதன் கோடு 0.13 முதல் 1.26 வரை நீள்வதால், மெட்ராஸின் மதிப்பும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த விலகல் தற்செயலாகவே இருக்கலாம். ஆகவே சதுரங்கள் சிதறிக் கிடப்பது மட்டும் ஹெட்டரோஜெனிட்டி ஆகாது. கோடுகளின் நீளம் அனுமதிக்கும் அளவையும் தாண்டிச் சிதறினால்தான் அது ஹெட்டரோஜெனிட்டி. கண்ணால் பார்த்து இதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்து வரும் எண்கள் எதுவும் புதிதாக இருக்காது.

Q என்பது அந்தச் சிதறலின் கணக்கு. ஒவ்வொரு ஆய்வும் பொதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை, அந்த ஆய்வின் துல்லியத்துக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டுகிறோம். தற்செயல் மட்டுமே காரணமாக இருந்தால், 13 ஆய்வுகளுக்கு Q ஏறக்குறைய 12 இருக்க வேண்டும். இங்கே 152.2 இருக்கிறது. எதிர்பார்த்ததை விட மிஞ்சிய பகுதி மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே I²:

```
I² = (Q − df) / Q = (152.2 − 12) / 152.2 ≈ 92%
```

கரும்பலகை இருந்தால் இதைக் கையால் எழுதிக் காட்டுங்கள். இதைத் தவறாகப் படிப்பவர்கள் ஏராளம். "ஆய்வுகள் 92 சதவீதம் வேறுபடுகின்றன" என்பது தவறு. நாம் காணும் சிதறலில் 92 சதவீதம் தற்செயலால் விளக்க முடியாதது என்பதே சரி. சிதறல் எவ்வளவு அகலமானது என்பதை I² சொல்லவே சொல்லாது. மூன்று மாபெரும் ஆய்வுகள் 0.80, 0.84, 0.88 என்று முடிவு தந்து, அவற்றின் கோடுகள் மிகமிகக் குறுகலாகவும் இருந்தால் I² 90-ஐத் தாண்டிவிடும். மருத்துவருக்கோ அந்த மூன்றும் ஒரே விடைதான். எனவே "75-க்கு மேல் போனால் ஆபத்து" என்னும் மனப்பாட விதியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

சிதறலின் உண்மையான அகலத்தைச் சொல்வது tau². நீங்கள் கேட்டதற்கான நேரடிப் பதிலும் இங்குதான் இருக்கிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடலில் டைமண்ட் 0.49, அதன் இரு முனைகளும் 0.34 மற்றும் 0.70. இது பல்வேறு இடங்களின் உண்மைப் பலன்களுடைய சராசரி எங்கே இருக்கிறது என்பதற்கான மதிப்பீடு மட்டுமே. ஏதோ ஓர் ஊரில் தடுப்பூசி போட்டால் என்ன பலன் கிடைக்கும் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வது பிரெடிக்ஷன் இன்டர்வல். இங்கே tau² 0.31 என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது சுமார் 0.15 முதல் 1.55 வரை விரிகிறது. அதாவது இந்த ஆய்வுகளைப் போன்ற ஒரு புதிய இடத்தில், நோய் 85 சதவீதம் குறைவதும் இந்தத் தரவுக்குப் பொருந்தும், கொஞ்சமும் குறையாமல் போவதும் பொருந்தும். மேல் முனை 1.55 என்பதால் 'தடுப்பூசி நோயைக் கூட்டும்' என்று யாராவது முடிவு கட்டினால், பலன் இல்லாத இடங்களும் இருக்கலாம் என்பதற்கு மேல் இந்தத் தரவு எதையும் சொல்லவில்லை என்று விளக்குங்கள்.

"ஹெட்டரோஜெனிட்டி இருந்தது, அதனால் ரேண்டம் எஃபெக்ட்ஸ் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்லி, அரங்கம் முழுவதும் தலையாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாடல் எதையும் சரிசெய்வதில்லை; வேறுபாட்டை ஒப்புக்கொண்டு எடைகளை மாற்றிப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். ஃபிக்ஸட் எஃபெக்ட் மாடலில் மெட்ராஸ் ஆய்வுக்கு மட்டும் 41 சதவீத எடை, டைமண்ட் 0.65-இல் நிற்கும். ரேண்டம் எஃபெக்ட்ஸுக்கு மாறியதும் மெட்ராஸின் எடை 10 சதவீதமாகச் சரிகிறது. அரோன்சனின் அந்த 262 பேர் ஆய்வோ அரை சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு ஏறுகிறது. இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து மொத்தமே 8 பேருக்கு நோய் வந்த ஓர் ஆய்வுகூட 3.8 சதவீதம் பெற்றுவிடுகிறது. மெட்ராஸில் நோய் வந்தவர்கள் 1,004 பேர். டைமண்ட் 0.65-இலிருந்து 0.49-க்கு நகர்ந்து தடுப்பூசிக்குக் கூடுதல் சாதகமாகத் தெரிவது இப்படித்தான். இரண்டு டைமண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டினால், இதற்கு நீண்ட விளக்கமே தேவைப்படாது.

இனி, ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி. வெளியான ஆண்டின் வரிசையில் அடுக்கப்பட்ட ஃபாரஸ்ட் பிளாட்டில் எந்த ஒழுங்கும் தெரியாது. அதையே ஆய்வு நடந்த இடத்தின் அட்சரேகைப்படி அடுக்கிப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இடங்களின் சதுரங்கள் பெரும்பாலும் 1-ஐ ஒட்டியும், அங்கிருந்து தள்ளிப் போகப் போக இடப்பக்கம் விலகியும் நிற்கும். மெட்டா-ரெக்ரெஷன் செய்தால் 13 பாகையில் ரிஸ்க் ரேஷியோ சுமார் 0.88 என்றும், 55 பாகையில் 0.26 என்றும் கணிக்கிறது, tau² 0.31-இலிருந்து 0.08-க்கு இறங்குகிறது.

```r
library(metafor)
dat <- escalc(measure="RR", ai=tpos, bi=tneg,
              ci=cpos, di=cneg, data=dat.bcg)
dat <- dat[order(dat$ablat), ]
res <- rma(yi, vi, data=dat)
forest(res, atransf=exp, slab=paste(dat$author, dat$year),
       addpred=TRUE)
rma(yi, vi, mods=~ablat, data=dat)
```

இந்த 13 ஆய்வுகளின் தரவு R-இன் metafor தொகுப்போடு dat.bcg என்ற பெயரில் வருவதால், மேலே சொன்ன எண்களை நீங்களே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அட்சரேகை காரணம் அல்ல, ஓர் அடையாளம் மட்டுமே. வெப்பமண்டலத்து மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியாக்களோடு மக்களுக்கு முன்பே தொடர்பு ஏற்பட்டிருப்பதால், தடுப்பூசியின் கூடுதல் பலன் மறைந்துபோகிறது என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். அதை இந்த 13 புள்ளிகளால் நிரூபிக்க முடியாது. ஒரு மாறிக்குப் பத்து ஆய்வுகளாவது வேண்டும் என்ற பொது வழக்கப்படி, இங்கே ஒரு மாறிக்குத்தான் இடமிருக்கிறது. அட்சரேகை, தொடங்கிய ஆண்டு, பங்கேற்பாளர்களை இரு பிரிவுகளாகப் பிரித்த முறை என்று எல்லாவற்றையும் ஒரே மாடலில் திணித்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே பொருந்திவிடும். 19 பாகையில் ஹைட்டியில் நடந்த வாண்டிவியர் ஆய்வின் ரிஸ்க் ரேஷியோ 0.20 என்பதையும் மறைக்காதீர்கள். அந்த ஒரு சதுரம் ஒழுங்கை மீறி இடப்பக்கம் நிற்கிறது. அட்சரேகையைச் சேர்த்த பிறகும் எஞ்சிய I² 68 சதவீதம் இருக்கிறது.

"அப்படியானால் நாம் ஏன் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறோம்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். இந்த ஃபாரஸ்ட் பிளாட் அளப்பது பொதுவாகக் காசநோய் வருவதை. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல், மிலியரி காசநோய் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு வேறு கேள்வி, அதற்கான சான்றும் வேறு. பிறப்பிலேயே போடும் வழக்கம் அந்தச் சான்றை நம்பித்தான் நிற்கிறது.

கடைசியாக ஒரு சிறு எச்சரிக்கை. பிரெடிக்ஷன் இன்டர்வலை 0.13 முதல் 1.78 வரை என்று ஒரு மென்பொருள் காட்டினால் பதற வேண்டாம். அது நார்மல் பரவலுக்குப் பதிலாக 11 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் கொண்ட t பரவலைப் பயன்படுத்தியிருக்கும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஸ்லைடின் அடியில் எழுதிவிடுங்கள்.