ரப்பர் வளையம், வாழை இலை, சிப்: பொருளை எந்தக் கட்டத்தில் போடுவது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் நெடுநாளாக பர்ச்சேசிங் பார்க்கிறேன். வாங்கும் பொருளை, செலவு எவ்வளவு, கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு என்று பார்த்து நாலு கட்டமாகப் பிரிப்பதுதான் கிரால்ஜிக் கட்டம். அதைப் பற்றி வந்த கேள்விகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிறையிலிருந்து, வேலைக்குப் புதியவர்: சார், ஓராண்டுச் செலவை சிஸ்டத்திலிருந்து இறக்கி, பெரிய தொகையிலிருந்து அடுக்கி, முதல் முப்பது பொருளைக் கட்டத்தில் போட்டுவிட்டேன். போதும்தானே?

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள் தம்பி. செலவுப் பட்டியல் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். சப்ளையர் நாளைக்குக் கையை விரித்தால் வேறு இடத்தில் வாங்க எத்தனை வாரம் ஆகும் என்பது அதில் இருக்காது.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் வாங்கினோம். ஒன்று 40 சென், ஆண்டுக்கு 24,000. மொத்தம் 9,600 வெள்ளி. உங்கள் முப்பதில் அது வரவே வராது. செய்து தந்தவர் ஒருவர்தான், அச்சும் அவருடையது. ஒருநாள் அச்சு உடைந்தது. புது அச்சு செய்து, சாம்பிள் பாஸ் ஆக 14 வாரம். எங்கள் கையில் இருந்தது 3 வாரச் சரக்கு. மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த லைன் சூப்பர்வைசர் இன்றும் என்னைப் பார்த்தால் வளையம் வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்.

அதன்பிறகு விலை பேசி நேரத்தை வீணாக்கவில்லை. பத்து சதவீதம் குறைத்தாலும் மிச்சம் 960 வெள்ளிதான். அதற்குப் பதில் 16 வாரச் சரக்கு வைத்தோம், ஏறக்குறைய 2,950 வெள்ளி. ரப்பர் நாள்பட்டால் இறுகும், அதனால் பழையதை முதலில் எடுக்கச் சொன்னோம். புது அச்சுக்கு நாங்களே பணம் கட்டி எங்கள் சொத்தாக்கினோம். இனி தேவைப்பட்டால் வேறு பட்டறைக்குத் தூக்கிப் போகலாம். கடைசியாக டிசைன் ஆட்களிடம் போய், வளையம் உட்காரும் பள்ளத்தின் அளவைச் சற்று மாற்றி, கடைகளில் கிடைக்கும் அளவுக்குக் கொண்டுவரச் சொன்னோம். வாடிக்கையாளர் ஒப்புதலுக்கே எட்டு மாதம் பிடித்தது. ஆனால் அன்றோடு அது சாதாரணப் பொருளாகிவிட்டது. இப்படிச் செலவு குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் உள்ள கட்டத்தில் ஒரு பொருள் இருந்தால், அதை அங்கிருந்து வெளியே கொண்டுவருவதுதான் வேலை.

பிரிக்ஃபீல்ட்ஸ், சாப்பாட்டுக் கடை: அண்ணே, நம்ம கடையில் வாழை இலைச் சாப்பாடு. இலைக்குச் செலவு கொஞ்சம், கோழிக்கு அதிகம். அப்படியென்றால் கோழிக்காரரிடம்தானே நீண்ட ஒப்பந்தம் போட வேண்டும்?

தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள். கோழி தர நாலு பேர் இருக்கிறார்கள், தொகையும் பெரிது. மூன்று பேரிடம் விலை கேட்டு அடித்துப் பேச வேண்டிய இடம் அது. இலை ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்றால் பயம் அங்கேதான். என் வளையம் மாதிரி சேர்த்து வைக்கவும் முடியாது, வாடிவிடும். இரண்டாவது இலைக்காரர் ஒருவரைப் பிடித்து வாரத்தில் ஒருநாள் சரக்கை அவரிடம் வாங்குங்கள். அவசரத்துக்கு மட்டும் போன் செய்தால், தீபாவளி நேரத்தில் தன் வாடிக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டுத்தான் உங்களைப் பார்ப்பார்.

பாயான் லெப்பாஸ், பிளானிங் பிரிவு: ரிஸ்க்குக்கு ஐந்து கேள்வி வைத்து, 1 முதல் 5 வரை மார்க் போட்டு சராசரி எடுக்கிறோம். எந்தப் பொருளும் மேலே ஏற மாட்டேன் என்கிறது.

சராசரிதான் குற்றவாளி, அக்கா. அந்த வளையத்தையே எடுங்கள்: ஒரே சப்ளையர் என்பதற்கு 5, மற்ற நான்குக்கும் 1. கூட்டினால் 9, சராசரி 1.8. பாதுகாப்பான பொருள் என்று தாள் சொல்லும்! நான் ஐந்தில் எது பெரிய மார்க்கோ அதையே எடுப்பேன். இதிலும் ஒரு தொல்லை, பாதிப் பொருள் மேலே ஏறிவிடும். அப்புறம் மாற்று ஏற்பாட்டுக்கு ஆகும் வாரத்தையும் கையிலுள்ள சரக்கையும் ஒப்பிட்டுச் சலிக்க வேண்டும். கோடு எங்கே போடுவது என்பதில் எனக்கும் எங்கள் இன்ஜினியருக்கும் இன்னும் சண்டைதான்.

சுங்கை பூலோ, எலக்ட்ரானிக்ஸ்: சிப் கம்பெனியை, செலவும் ஆபத்தும் அதிகமான 'ஸ்ட்ராட்டஜிக்' கட்டத்தில் போட்டு, கூட்டாளியாக இருக்கலாம் என்று பேசப் போனோம். ஆள் மெயிலுக்கே பதில் போடுவதில்லை.

உங்களுக்கு அவர் பெரிய ஆள், அவர் கணக்கில் நீங்கள் சில்லறை. 1983-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த கிரால்ஜிக்கின் கட்டுரையிலேயே இதற்கு இடம் உண்டு. பொருளைப் பிரித்தபின், சப்ளையரின் பலத்தையும் உங்கள் பலத்தையும் எடை போடச் சொல்கிறார். நாலு கட்டம் வரைந்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சப்ளையரின் கை ஓங்கியிருந்தால் மாற்று வழி தேடச் சொல்கிறது அந்தக் கணக்கு.

உடனே செய்யக்கூடியது, நேரடியாகப் போகாமல் விநியோகஸ்தர் மூலம் பன்னிரண்டு மாதத் தேவையைச் சொல்லி, சொன்னபடி எடுப்பது. வேறு சிப்புக்கு மாற போர்டையே திரும்ப வரைய வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு தாங்குமா என்பது, அந்த மாடல் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதைப் பொறுத்தது. அதை எழுதுங்கள், ஆண்டுக்கு எத்தனை போர்டு என்றும் சொல்லுங்கள், பார்க்கலாம்.